ஏரி ஏன் திடீரெனக் கலங்குகிறது, ஏன் அதே வழியில் திரும்புவதில்லை: மூன்று கோடுகளில் ஒரு படம்

ஆழமில்லாத ஏரிக்கு இரண்டு முகம் உண்டு. அடியில் நீர்த்தாவரம் மண்டித் தெளிந்திருக்கும். அல்லது தாவரமே இல்லாமல் பாசியும் சேறுமாகக் கலங்கியிருக்கும். பாஸ்பரஸ் போன்ற உரச்சத்து ஒரே அளவில் இருக்கும்போது இரண்டுமே நிலைத்து நிற்கலாம் என்பதைத்தான் மாற்று நிலைத்த நிலைகள் என்கிறார்கள். நெதர்லாந்து சூழலியலாளர் மார்ட்டன் ஷெஃபர் 1990களில் பரவலாக்கிய படத்தை இங்கே கையால் வரைந்து பார்ப்போம். கணினி வேண்டாம். கிராஃப் தாள், பென்சில், முக்கியமாக ரப்பர் போதும். நான் முதலில் எக்ஸெலில் முயன்று, கோட்டின் பாதியை அழிக்க முடியாமல் விட்டுவிட்டேன்.

படி 1. கிடைமட்ட அச்சு தண்ணீரில் உள்ள உரச்சத்து, செங்குத்து அச்சு கலங்கல். இரண்டுக்கும் 0 முதல் 10 வரை. இவை படத்துக்காக நான் வைத்த எண்கள், எந்த ஏரியின் அளவீடும் அல்ல.

படி 2. இரண்டு சாய்கோடுகள். தாவரம் இல்லாத ஏரியில் கலங்கல் உரச்சத்துக்குச் சமம். தாவரம் இருந்தால் அதில் பாதி: வேர்கள் சேற்றைப் பிடித்து வைக்கின்றன, பாசியைத் தின்னும் நுண்விலங்குகள் மீனுக்குத் தப்பி இலைகளுக்குள் ஒளிந்துகொள்கின்றன.

படி 3. இங்கேதான் நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். தாவரம் சாகும் எல்லையைக் குறிக்க, உரச்சத்து அச்சிலிருந்து செங்குத்தாக ஒரு கோடு போட்டேன். ஏறும்போதும் இறங்கும்போதும் மாற்றம் ஒரே புள்ளியில் வந்தது. படத்தில் புதிதாக எதுவுமே தெரியவில்லை. தப்பு எங்கே என்றால், தாவரத்தைக் கொல்வது உரச்சத்து அல்ல, வெளிச்சமின்மை. ஆகவே எல்லைக்கோடு கலங்கல் அச்சிலிருந்து படுக்கையாகப் போக வேண்டும். 4 என்ற உயரத்தில் போடுங்கள். அதற்குக் கீழே தாவரம் வளரும், மேலே வளராது.

படி 4. இப்போது ரப்பர். எல்லைக்கு மேலே தாவரம் இல்லை, எனவே தாவரக் கோட்டில் 4-க்கு மேல் போகும் பகுதியை அழியுங்கள். அதே மாதிரி, தாவரமற்ற கோட்டில் 4-க்குக் கீழே இருப்பதையும் அழியுங்கள். மிஞ்சுவது இரண்டு துண்டுகள். கீழ்த்துண்டு உரச்சத்து 8-இல் முடிகிறது, மேல்துண்டு 4-இல் தொடங்குகிறது. 4-க்கும் 8-க்கும் இடையே இரண்டும் உண்டு.

படி 5. விரலை வைத்து நடந்து பாருங்கள். தெளிந்த ஏரியில் உரச்சத்து மெல்ல ஏறுகிறது. 7.9 வரை பெரிதாக ஒன்றும் நடக்காது. 8-ஐத் தாண்டியதும் கலங்கல் 4-இலிருந்து 8-க்குத் தாவுகிறது. சரி, உரச்சத்தை 7-க்கு இறக்குவோம். கலங்கல் 7. ஏரி தெளியாது. 4-க்கும் கீழே இறக்கினால்தான் தாவரம் திரும்பும்.

நடுப்பகுதியில் இன்னொரு வழி இருக்கிறது. உரச்சத்து 6 என்று வையுங்கள். ஏரி 6 கலங்கலில் நிற்கிறது. சேற்றைக் கிளறும் மீன்களைப் பெருமளவில் பிடித்துக் கலங்கலைத் தற்காலிகமாக 4-க்குக் கீழே தள்ளினால், தாவரம் முளைத்து ஏரியைத் தானே 3-க்கு இழுத்துக்கொள்ளும். 5 வரை மட்டும் தள்ளிவிட்டு நிறுத்தினால் பழையபடி 6-க்கே போய்விடும்.

ஏறும்போது ஒரு புள்ளியிலும் இறங்கும்போது வேறு புள்ளியிலும் ஏரி மாறுவதை நெதர்லாந்தின் வேலுவே ஏரியில் பார்த்திருக்கிறார்கள். மொத்த பாஸ்பரஸ் லிட்டருக்கு 0.15 மில்லிகிராமைத் தாண்டிய காலத்தில் அங்கே காரா எனும் நீர்த்தாவரம் அழிந்தது. 1979 முதல் கழிவுநீரின் பாஸ்பரஸைக் குறைத்து, குளிர்காலத்தில் வேறு நீர் விட்டு ஏரியை அலசினார்கள். ஆனாலும் பாஸ்பரஸ் 0.10-க்குக் கீழே வந்த பிறகு, 1990களில்தான் காரா நன்றாகப் பரவியது. இடையில் சேற்றைக் கிளறும் ப்ரீம் மீன்களையும் பிடித்துக் குறைத்தார்கள், ஆகவே முழுப் பெருமையையும் பாஸ்பரஸுக்கே கொடுத்துவிட முடியாது.

பின்னர் சேர்த்தது: ஒருவர் கிடைமட்ட அச்சில் ஏரிக்குள் வரும் பாஸ்பரஸைப் போட்டுவிட்டு, "எனக்கும் இரண்டு பாதை வருகிறது" என்று எழுதியிருந்தார். அப்படிப் போடாதீர்கள். வரத்து நின்ற பிறகும் அடிச்சேறு பல ஆண்டுகள் பாஸ்பரஸை வெளியே விடும். அந்தத் தாமதம் மட்டுமே இரண்டு பாதை போலத் தெரியும். தண்ணீரில் அளந்ததையே போடுங்கள்.

இன்னொன்று: ஆழம் கூடினால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தார்கள். அதே வெளிச்சம் அடியை எட்ட, தண்ணீர் இன்னும் தெளிவாக இருக்க வேண்டும், அதனால் எல்லைக்கோடு கீழே இறங்கும். 2-இல் போட்டுப் பாருங்கள்: உரச்சத்து 4-இலேயே தாவல் வந்துவிடும், மீட்சிக்கு 2-க்குக் கீழே போக வேண்டும். ஒரே ஏரியில் கரை மேடாகவும் நடு பள்ளமாகவும் இருந்தால், ஒவ்வோர் ஆழத்துக்கும் தனி எல்லைக்கோடு. அப்போது ஒரே தாவல் வராது, பகுதி பகுதியாக மாறும். வேலுவேயிலும் காராப் படுகைகளின் மேல் தெளிந்த நீரும், பக்கத்தில் கலங்கல் நீருமாக ஒரே காலத்தில் இருந்தன.