கேமராவில் தெரியும் ஆளின் உயரம்: கணக்கு எங்கே தவறுகிறது

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு செல்போன் கடை என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி ஒருவன் உள்ளே புகுந்து மேசை டிராயரைத் திறந்து பணத்தை எடுத்துப் போயிருக்கிறான். முகத்தை மறைத்துக் கைக்குட்டை, தலையில் தொப்பி, காலில் ஷூ. உள்ளே எதிர்ச்சுவரில் தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் கேமரா இருக்கிறது. கேமராவுக்கு நேர் எதிரே 6 மீட்டர் தூரத்தில் கடை வாசல், வாசல் நிலையின் உயரம் 210 சென்டிமீட்டர். ஆள் வாசலிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளி நிற்கிறான். முகம் தெரியாததால் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "ஆள் என்ன உயரம் இருப்பான்?"

வழக்கமாக நடப்பது இதுதான். ஒருவர் திரையைப் பார்த்து, "நிலையில் தலை எட்டுகிற இடத்தைக் குறித்துக்கொண்டு, அந்த இடத்தை டேப்பால் அளந்தால் போதும்" என்பார். இன்னொருவர், "நிலை திரையில் இத்தனை புள்ளி, ஆள் இத்தனை புள்ளி, விகிதம் போட்டால் வந்துவிடும்" என்பார். இரண்டும் கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அந்த ஆளின் உயரம் உண்மையில் 168 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கேமராவிலிருந்து தலை உச்சி வழியாகப் போகிற பார்வைக் கோடு சாய்ந்து இறங்கி, ஒரு மீட்டர் பின்னால் இருக்கும் நிலையில் 142 சென்டிமீட்டர் உயரத்தில்தான் போய் முட்டும். முதலாமவர் 142 என்று எழுதுவார். இரண்டாமவர் கணக்கில், ஆள் கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பதால் பெரிதாகத் தெரிவான். 5 மீட்டரில் நிற்பவனை 6 மீட்டரில் இருக்கும் நிலையோடு ஒப்பிட்டால் 168 என்பது 202 ஆகிவிடும். ஒரே படம், ஒரே ஆள், ஒரே நிலை. ஒரு விடை சிறுவனைத் தேடச் சொல்கிறது, இன்னொன்று கூட்டத்தில் தனியாகத் தெரிகிற நெட்டையனை.

ஒப்பிடும் பொருளும் ஆளும் ஒரே தூரத்தில் இல்லாததுதான் கோளாறு. "ஒரு மீட்டர் தள்ளி நின்றதால் இப்படி, நிலைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தால் சரியாக வரும்" என்று நினைக்கலாம். வெறும் 20 சென்டிமீட்டர் முன்னால் நின்றாலே முதல் முறையில் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் குறையும், இரண்டாவதில் 6 சென்டிமீட்டர் கூடும். கேமரா தலைக்கு மேலே இருக்கும்வரை இதிலிருந்து தப்ப முடியாது. நம் ஊர்க் கடைகளில் கைக்கு எட்டாத உயரத்தில்தானே கேமரா மாட்டுகிறார்கள்.

அதனால் உயரம் கணிப்பதில் முதல் வேலை தலையைப் பார்ப்பது அல்ல, கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது. இதைச் சரியாகப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. தரையில் டைல்ஸ் இருந்தால் கோடுகளை எண்ணி இடத்தைக் குறிக்கலாம். சிமெண்ட் தரை என்றால் விரிசல், கறை, மேசைக் கால், மிதியடி எல்லாம் உதவும். காலை வேட்டியோ கைலியோ மறைத்தால், அல்லது ஆள் மேசைக்குப் பின்னால் நின்றால், அந்தக் காட்சியை விட்டுவிட்டுக் கால் தெரிகிற வேறு காட்சிக்குப் போக வேண்டும். மேசைக்குக் கீழே கால் இங்கேதான் இருக்கும் என்று ஊகித்து எழுதுகிற அறிக்கைகள்தான் பின்னால் குறுக்கு விசாரணையில் உடைகின்றன.

ஊகத்துக்கு என்ன விலை என்பதையும் கணக்கிட்டுவிடலாம். நம் கடையில் கால் இருந்த இடத்தை முன்பின் 10 சென்டிமீட்டர் தவறாக எடுத்தால் உயரத்தில் 2.6 சென்டிமீட்டர் பிழை வரும். அதே ஆள் கேமராவுக்கு 2.5 மீட்டர் பக்கத்தில் நின்றால், அதே 10 சென்டிமீட்டர் தவறு 5.3 சென்டிமீட்டர் பிழையாகிவிடும். பக்கத்தில் இருந்தால் பெரிதாக, தெளிவாகத் தெரிகிறான், அதனால் அந்தக் காட்சியை எடுப்போம் என்று கை தானாகவே போகும். ஆனால் கேமராவுக்கு நேர் கீழே வரவர பார்வைக் கோடு செங்குத்தாகிறது, உயரம் திரையில் நசுங்குகிறது. முகம் பார்க்கப் பக்கத்துக் காட்சி உதவலாம். உயரத்துக்கு, கொஞ்சம் தள்ளி நிற்கிற காட்சிதான் நல்லது. ரொம்பத் தள்ளிப் போனாலும் புள்ளிகள் குறைந்து தலையின் விளிம்பு மங்கிவிடும். படத்தின் ஓரத்தையும் தவிர்க்க வேண்டும். அகலக் கோண லென்ஸில் நேரான கதவு நிலையே ஓரத்தில் வில் போல வளைந்து தெரியும், ஆளும் அதோடு வளைவான்.

சரி, எப்படித்தான் அளப்பது? நம்பத் தகுந்த வழி அதே இடத்துக்கு, அதே கேமராவுக்கு முன்னால் திரும்பப் போவது. சம்பவத்தைப் பதிந்த அதே கேமராவையும் அதே ரெக்கார்டரையும் கொண்டு, சென்டிமீட்டர் கோடு போட்ட அளவுகோல் கம்பத்தை ஆள் கால் ஊன்றிய புள்ளியில் நிமிர்த்தி வைத்துப் பதிவு செய்ய வேண்டும். ரசமட்டம் வைத்துக் கம்பம் செங்குத்தாக இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு பழைய காட்சியின் மேல் புதிய காட்சியை வைத்துப் பார்த்தால் தலை உச்சி கம்பத்தில் எந்தக் கோட்டில் வருகிறது என்று படிக்கலாம். தூரக் கணக்கு, லென்ஸ் வளைவு எல்லாம் இரண்டு காட்சிக்கும் பொது என்பதால் தானாக ஒழிந்துபோகும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. கேமரா நகர்ந்திருக்கக் கூடாது. சம்பவம் நடந்த மறுநாளே கடைக்காரர் பதற்றத்தில் கேமராவைத் திருப்பி வைப்பது அடிக்கடி நடக்கிறது. கடலோர உப்புக் காற்றில் பிராக்கெட் துருப்பிடித்துத் தானாகவே சற்றுத் தொங்குவதும் உண்டு. சம்பவத்துக்கும் அளவுக்கும் நடுவே பெருங்காற்று அடித்திருந்தால் கேமரா அசைந்திருக்கும் என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். சோதிப்பது சுலபம்: நிலையின் மூலைகள், ஷெல்ஃப் விளிம்பு, சுவிட்ச் போர்டு போன்ற அசையாத பொருட்கள் இரண்டு காட்சியிலும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் கேமராவைப் பழைய கோணத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் கம்பம்.

எந்தப் பதிவை வைத்து இதைச் செய்கிறோம் என்பதும் முக்கியம். மானிட்டரை செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ உயரம் கணிக்க உதவாது. போனைச் சாய்த்துப் பிடித்த கோணம் அதில் புதிதாகச் சேர்ந்திருக்கும், சுருக்கியதில் தலையின் விளிம்பும் கரைந்திருக்கும். ரெக்கார்டரிலிருந்தே மூலப் பதிவை எடுக்க வேண்டும். மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்க பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவு கேட்கிற சான்றிதழுக்கும், பதிவு மாறவில்லை என்று காட்ட அதில் எழுத வேண்டிய ஹாஷ் மதிப்புக்கும் எப்படியும் அது தேவைப்படும்.

அடுத்து உடம்பு நிற்கிற விதம். நடக்கும்போது தலை ஒரே மட்டத்தில் போவதில்லை. சாதாரண நடையிலேயே 4, 5 சென்டிமீட்டர் ஏறி இறங்கும். இரண்டு காலும் தரையில் அகன்று இருக்கும்போது தலை மிகத் தாழ்ந்திருக்கும், ஒற்றைக் கால் உடம்புக்கு நேர் கீழே ஊன்றி மற்றக் கால் அதைக் கடந்து போகும்போது மிக உயர்ந்திருக்கும். இந்த இரண்டாவது கணத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது கம்பத்தை எங்கே வைப்பது என்ற குழப்பமும் இருக்காது, ஊன்றிய காலே இடத்தைக் காட்டிவிடும். இரண்டு கால் அகன்ற காட்சியில் தலைக்கு நேர் கீழே எந்தக் காலும் இருக்காது என்பதால், உயரமும் குறையும், இடமும் தவறும்.

உயர்ந்த கணத்தில்கூட நடப்பவன் சுவரோடு ஒட்டி நிமிர்ந்து நிற்கும் உயரத்தைப் பெரும்பாலும் தொடுவதில்லை. கழுத்து முன்னால் நீண்டிருக்கும், முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கும். திருட வந்தவன் குனிந்து, பதுங்கித்தான் நடப்பான். "இந்தக் குனிவுக்கு 3 சென்டிமீட்டர் சேர்த்துக்கொள்வோம்" என்று கண்ணளவில் சேர்ப்பது தவறு. உயரம் தெரிந்த நாலைந்து பேரை அதே இடத்தில் அதே மாதிரி நடக்கவிட்டு, அதே கம்பத்தால், அதே முறையில் அளந்து பார்க்க வேண்டும். அவர்களின் உண்மை உயரத்துக்கும் நாம் படித்த அளவுக்கும் எவ்வளவு வித்தியாசம் வருகிறது, ஆளுக்கு ஆள் அது எவ்வளவு மாறுகிறது என்பதே நம் முறையின் பிழை.

நம் கடைக்கே வருவோம். கம்பத்தில் 170 என்று படித்தோம் என்று வையுங்கள். நடந்து காட்டியவர்களின் அளவு, ஷூவும் தொப்பியும் போட்டு நிமிர்ந்து நின்ற உயரத்தைவிட ஒருவருக்குக் குறையவே இல்லை, இன்னொருவருக்கு 4 சென்டிமீட்டர் வரை குறைந்தது. அப்படியானால் சந்தேக ஆள் ஷூ, தொப்பியோடு 170 முதல் 174 வரை இருக்கலாம். காவல் நிலையத்தில் வெறுங்காலோடு சுவரில் நிறுத்தி அளந்த உயரத்தை இதனோடு நேராக ஒப்பிடுவதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. ரப்பர் செருப்பு ஒரு சென்டிமீட்டர் சொச்சம் ஏற்றும், ஸ்போர்ட்ஸ் ஷூ 2 முதல் 3.5 வரை ஏற்றும், ஹீல்ஸ் 5க்கும் மேல் போகும். ஷூ கைப்பற்றப்பட்டிருந்தால் அதையே அளக்கலாம். வெளிப்பக்கம் தெரிகிற குதியின் உயரத்தை எடுக்காதீர்கள். உள்ளே குதிகால் அமர்கிற இடத்தின் கனம்தான் கணக்கு, அது வெளி அளவோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. தேய்ந்த ஷூ என்றால் இன்னும் குறையும். கைப்பற்றப்படாவிட்டால் 2 முதல் 3.5 வரை என்கிற முழு அகலத்தையும் கணக்கில் வைக்க வேண்டும், நடுவில் ஒரு எண்ணைப் பொறுக்கிக் கழிக்கக் கூடாது. தொப்பிக்கு அரை முதல் ஒரு சென்டிமீட்டர் என்று கொள்வோம். கீழ் எல்லையில் 170இலிருந்து 4.5 கழித்தால் 165.5, மேல் எல்லையில் 174இலிருந்து 2.5 கழித்தால் 171.5. வெறுங்கால் உயரம் ஏறக்குறைய 165 முதல் 172 வரை.

எழுத வேண்டிய விடை இந்த 7 சென்டிமீட்டர் அகலம்தான். "168 செ.மீ." என்று ஒற்றை எண் கேட்டு விசாரணை அதிகாரி வற்புறுத்துவார், கொடுக்கக் கூடாது. பிடிபட்டவரின் உயரத்தை அளப்பவரிடம் முன்கூட்டியே சொல்வதும் கூடாது. தெரிந்துவிட்டால், தொப்பியின் விளிம்பு எங்கே முடிகிறது, எந்தக் காட்சியை எடுப்பது என்ற சின்னச் சின்ன முடிவுகள் எல்லாம் அந்த எண்ணை நோக்கியே நகரும், அளப்பவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும்.

இந்த அளவால் விலக்க முடியும். பிடித்து வந்தவர் 181 சென்டிமீட்டர் என்றால், நம் முறையின் பிழையை முழுவதும் அவருக்குப் பாதகமாகவே எடுத்துக்கொண்டாலும் கேமராவில் தெரிவது அவர் இல்லை என்று சொல்லலாம். 168 என்றால், அளவு அவரை விலக்கவில்லை என்று மட்டுமே எழுதலாம். 165க்கும் 172க்கும் இடையில் இருக்கிற ஆண்கள் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் ஒரு சாயங்காலம் நின்று பார்த்தாலே நூற்றுக்கணக்கில் வந்து போவார்கள். "உயரம் பொருந்துகிறது, எனவே இவர்தான்" என்ற வரி அறிக்கையில் எங்கும் வரக் கூடாது.