போகவரச் சராசரி வேகம்: கூட்டி இரண்டால் வகுப்பது ஏன் தவறு?

ஓரிடத்துக்கு மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சென்று, அதே வழியில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் திரும்பி வந்தால் சராசரி வேகம் என்ன? இந்தக் கணக்கைப் பார்த்ததும் இரண்டையும் கூட்டி, இரண்டால் வகுத்து, 50 என்று எழுதிவிடுவோர் பலர். சரியான விடை 48.

சராசரி வேகம் என்பது கடந்த மொத்தத் தொலைவை, அதற்கு ஆன மொத்த நேரத்தால் வகுத்துக் கிடைப்பது. ஒருவழித் தொலைவை 120 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். போவதற்கு 2 மணி நேரமும் வருவதற்கு 3 மணி நேரமும் ஆகின்றன. ஆக, 240 கி.மீ. தொலைவுக்கு 5 மணி நேரம், அதாவது மணிக்கு 48 கி.மீ. ஒருவழித் தொலைவை 240 கி.மீ. என்று மாற்றினாலும் நேரமும் அதே விகிதத்தில் கூடுவதால் விடை மாறாது.

இரு வழிகளிலும் தொலைவுதான் சமமே தவிர, நேரம் சமமன்று. மெதுவாக வரும்போது வழியில் அதிக நேரம் செலவாவதால், அந்த 40 என்ற வேகம் 3 மணி நேரம் நீடிக்கிறது, 60 என்ற வேகமோ 2 மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஆகவே சராசரி எப்போதும் குறைந்த வேகத்தின் பக்கமே சாயும். வந்த விடை இரண்டுக்கும் நட்டநடுவில் இருந்தால், நேரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று உடனே கண்டுகொள்ளலாம்.

போகும் வேகம் u, வரும் வேகம் v என்றால், இதற்கென்றே உள்ள 2uv/(u+v) என்ற சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள் அதை எல்லா இடத்திலும் போடுவது அடுத்த தவறு. இரு பகுதிகளின் தொலைவும் சமமாக இருந்தால்தான் அது பொருந்தும். 2 மணி நேரம் 60 வேகத்திலும் அடுத்த 2 மணி நேரம் 40 வேகத்திலும் சென்றால், 4 மணி நேரத்தில் 200 கி.மீ. கடந்திருப்போம், இங்கே 50 என்பதே சரி. தொலைவும் நேரமும் சமமாக இல்லாத கணக்குகளில் இரண்டு வழியும் உதவாது என்பதால், சூத்திரத்தைத் தேடுவதைவிட மொத்தத் தொலைவையும் மொத்த நேரத்தையும் தனித்தனியே எழுதிக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

இந்தத் தவறு மிகவும் தெளிவாக வெளிப்படும் கணக்கு ஒன்று உண்டு. 60 கி.மீ. தொலைவை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் கடந்தாயிற்று, முழுப் பயணத்தின் சராசரி 60 ஆக வேண்டுமானால் எந்த வேகத்தில் திரும்ப வேண்டும்? 90 என்றுதான் மனம் முதலில் சொல்லும். ஆனால் 90 வேகத்தில் திரும்ப 40 நிமிடம் ஆகும். மொத்தம் 2 மணி 40 நிமிடத்தில் 120 கி.மீ., அதாவது சராசரி 45 மட்டுமே. சராசரி 60 வர வேண்டுமானால் 120 கி.மீ. தொலைவையும் 2 மணி நேரத்தில் முடித்திருக்க வேண்டும். அந்த 2 மணி நேரமோ போகும்போதே தீர்ந்துவிட்டது. எவ்வளவு விரைந்து திரும்பினாலும், போகவரப் பயணத்தின் சராசரி போன வேகத்தின் இரு மடங்கை எட்டவே முடியாது.