மேலாளருக்கு அனுப்பிய பிங் சான்று

"வீட்டில் இணையம் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் எந்த மேலாளருக்கும் அது சாக்காகத்தான் கேட்கும். எனவே, ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று தொடர்ந்து சோதிக்கும் பிங் கட்டளையை விண்டோஸில் இரண்டு கட்டளைச் சாளரங்களில் இப்படி ஓடவிட்டேன்:

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

முதலாவது என் ரௌட்டர் வரை, இரண்டாவது வெளியுலகம் வரை. ரௌட்டர் ஒழுங்காகப் பதில் தந்தது. வெளியே மட்டும் மாலை 4 மணிக்கு மேல் `Request timed out` வரிசையாக வந்தது. ஆக, கோளாறு வைஃபையில் இல்லை. அந்த ஸ்கிரீன்ஷாட்டை இணைத்து மேலாளருக்கு எழுதினேன்:

"சார், இணைப்பு சரியாகும்வரை 4 மணிக்கு மேல் வரும் கூட்டங்களில் கைபேசி வழியாகக் குரலில் மட்டும் கலந்துகொள்கிறேன். பெரிய கோப்புகளைக் காலையிலேயே ஏற்றிவிடுகிறேன். வாடிக்கையாளர் கூட்டமென்றால் அலுவலகத்துக்கே வந்துவிடுகிறேன்."

கடைசி வரிக்காகத்தான் சம்மதித்தார் என்று நினைக்கிறேன். அதே சான்றைப் பார்த்த பிறகே இணைய நிறுவனமும் "ரௌட்டரை அணைத்துப் போடுங்கள்" என்ற பல்லவியை விட்டு ஆளனுப்பியது.