புற்றுநோய்க் குழுக்கூட்டச் சுருக்கம்: குறிப்புகளை ஒன்றிணைக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உதாரணத்துக்கு ஒரு கோப்பை எடுத்துக்கொள்வோம். நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் 54 வயதுப் பெண்மணிக்கு இடது கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய். வெற்றிலையும் புகையிலையும் நெடுநாள் பழக்கம். சத்திரசிகிச்சை முடிந்து மூன்று வாரமாகிறது. கதிரியக்கவியல், சத்திரசிகிச்சை, நோயியல், பொது மருத்துவம், பல் வைத்தியம் ஆகிய ஐந்து துறைகளின் குறிப்புகளை, அடுத்த சிகிச்சையை நிபுணர்கள் கூடித் தீர்மானிக்கும் குழுக்கூட்டத்துக்காக ஒரே பக்கமாக்கும் பொறுப்பு பெரும்பாலும் இளநிலை வைத்தியரிடமே வந்து சேரும்.

முதலில் அவர் பார்க்க வேண்டியது, ஐந்து தாள்களும் ஒரே ஆளுடையவையா என்பதை. தமிழ்ப் பெயர் ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பது நம் பகுதியில் புதிதல்ல. ஆகையால் பெயரை நம்பாமல் கிளினிக் இலக்கத்தையும் பிறந்த திகதியையும் ஒப்பிட வேண்டும்.

அடுத்து வருவது நோயின் நிலையைக் குறிப்பதில் நேரும் தவறு. சத்திரசிகிச்சைக்கு முன் எடுத்த சி.டி. ஸ்கேன் 3.2 சென்ரிமீற்றர் கட்டியையும் தாடைக்குக் கீழே சந்தேகத்துக்குரிய ஒரு நிணநீர்க்கணுவையும் காட்டியதால் cT2 N1 என்று குறிக்கப்பட்டது. T கட்டியையும் N கணுவையும் குறிக்கும். முன்னெழுத்து c என்றால் சத்திரசிகிச்சைக்கு முந்தைய மதிப்பீடு, p என்றால் நோயியல் அறிக்கைப்படியான மதிப்பீடு. வெட்டியெடுத்த திசுவை அளந்த நோயியல் அறிக்கையோ கட்டி 3.1 சென்ரிமீற்றர் என்றும், அது 12 மில்லிமீற்றர் ஆழம் ஊடுருவியிருந்தது என்றும் சொல்கிறது. TNM எனப்படும் இந்த வகைப்பாட்டின் எட்டாம் பதிப்பில், இந்த அளவுள்ள கட்டி 10 மில்லிமீற்றருக்கு மேல் ஊடுருவியிருந்தால் அது pT3 ஆகும். முன்னெழுத்தையும் திகதியையும் விட்டுவிட்டு வெறுமனே ‘T2’ என்று எழுதினால், கூட்டம் பழைய நோயைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடும். இரண்டையும் திகதியுடன் எழுதி, முடிவுக்கு எது அடிப்படை என்பதையும் சொல்ல வேண்டும்.

இதைவிட ஆபத்தானது, முரண்பாடுகளை மெழுகிவிடும் பழக்கம். சத்திரசிகிச்சைக் குறிப்பில் ‘கட்டி முழுமையாக அகற்றப்பட்டது, விளிம்புகள் சுத்தம்’ என்றிருக்கும். நோயியல் அறிக்கையில் ‘ஆழ்விளிம்பு 3 மில்லிமீற்றர்’ என்றிருக்கும், அதாவது கட்டியின் அடிக்கும் வெட்டிய ஓரத்துக்கும் இடையே அவ்வளவே இடைவெளி. இருவருமே பொய் சொல்லவில்லை. ஒருவர் மேசையில் கண்ணாலும் கையாலும் கண்டதை எழுதினார். மற்றவர் போர்மலினில் சுருங்கிய திசுவை நுணுக்குக்காட்டியில் அளந்தார். 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த விளிம்பு பொதுவாக நெருங்கிய விளிம்பாகக் கருதப்படுவதால், சுருக்கத்தில் ‘விளிம்புகள் சுத்தம்’ என்ற இரு சொற்கள் மட்டும் மிஞ்சினால் கதிர்வீச்சு நிபுணருக்குத் தேவையான செய்தி மறைந்துபோகும். யார், எப்போது, எதைக் கண்டார் என்று இரு கூற்றுகளையும் அருகருகே நிறுத்துவதே சரி. சுருக்கத்தின் நடை கொஞ்சம் கரடுமுரடாகும், ஆகட்டும்.

நோயியல் அறிக்கை ஒன்றோடு முடிவதில்லை என்பதும் அடிக்கடி மறக்கப்படுகிறது. இந்தக் கோப்பின் முதல் அறிக்கை, ஒரு கணுவில் நோய் உண்டு, அது கணுவின் உறையைத் தாண்டவில்லை என்று சொன்னது, அதன்படி pN1. ஒரு வாரம் கழித்து, அதே கணுவை மேலும் சீவிப் பார்த்தபின் வந்த துணை அறிக்கை, உறையைத் தாண்டியிருப்பதாகச் சொல்கிறது, அதனால் pN2a. மூன்றாம் நிலையாக இருந்த நோய் இதனால் நான்காம் நிலையின் ‘ஏ’ பிரிவுக்குப் போகிறது. கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் மருந்தையும் சேர்ப்பதா என்ற கேள்வியும் இந்த ஒரு வரியிலிருந்தே எழுகிறது. கோப்பில் முதலில் கண்ணில் படும் அறிக்கையைப் பிரதிசெய்து நிறுத்திவிட்டால் அந்தக் கேள்வி கூட்டத்தில் எழவே எழாது.

சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது. இவருக்கோ நீரிழிவும் உண்டு. பொது மருத்துவக் குறிப்பிலுள்ள, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு சத்திரசிகிச்சைக்கு முந்தையது என்றால், அளவை மட்டும் எழுதாமல் திகதியையும் எழுதி, மீண்டும் பார்க்கப்பட வேண்டும் என்று குறிக்க வேண்டும்.

இனி, தனித்தனியே சரியாயிருந்து சேர்ந்தால் பொருந்தாத குறிப்புகள். கதிர்வீச்சைச் சத்திரசிகிச்சைக்குப் பின் ஆறு வாரத்துக்குள் தொடங்க முயல்வார்கள். பல் வைத்தியரோ, கீழ்த்தாடையில் இரண்டு பற்களைப் பிடுங்கிவிட்டு, கதிர்வீச்சுக்கு முன் குறைந்தது இரண்டு வாரம் ஆறவிட வேண்டும் என்கிறார். ஏனெனில் கதிர்பட்ட தாடையெலும்பில் பின்னர் பல் பிடுங்கினால் காயம் ஆறாமல் எலும்பே சிதையக்கூடும். பல் கிளினிக்குக்குக் கிடைத்த திகதி ஆறாம் வாரத்தில் என்றால், கதிர்வீச்சு எட்டாம் வாரத்துக்குத் தள்ளிப்போகும். எந்த ஒரு நிபுணரின் தாளிலும் இந்தச் சிக்கல் தெரியாது. எல்லாத் தாள்களையும் வைத்திருப்பவருக்கு மட்டுமே தெரியும். எனவே சுருக்கத்தின் தலைப்பகுதியிலேயே ‘முடிவு காணப்பட வேண்டியவை’ என்று இட்டு, பற்கள் நான்காம் வாரத்துக்குள் பிடுங்கப்பட வேண்டும், திகதியை மாற்றக் கேட்பவர் யார் என்று எழுத வேண்டும். அதே இடத்தில், கதிர்வீச்சுக்காக வாரத்துக்கு ஐந்து நாளாக ஆறு வாரத்துக்கு மேல் கண்டியில் தங்க இவருக்கு இடமுண்டா என்ற கேள்வியும், அதற்கு அவர் தமிழில் சொன்ன பதிலும் இருக்க வேண்டும்.