வீட்டில் விழாமல் தடுக்கும் வீடியோ: ஸ்கிரிப்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதியவர்கள் உள்ள குடும்பங்களுக்காக ஒவ்வொரு அறையாகச் சுற்றிக் காட்டும் வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு இது. தரையில் தண்ணீர் நிற்கக்கூடாது, வயர் குறுக்கே கிடக்கக்கூடாது என்பதெல்லாம் பார்ப்பவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். திரையில் சரியாகத் தெரிந்து, வீட்டில் செய்து பார்க்கும்போது கைவிட்டுவிடும் காட்சிகளைப் பற்றி மட்டும் இங்கே பேசலாம்.

வாசலில் ஆரம்பிப்பது

முதல் வரைவில் கேமரா வாசற்படி ஏறி, ஹாலைச் சுற்றி, சமையலறை பார்த்து, கடைசியில் படுக்கையறைக்குப் போகும். அது விருந்தாளி வரும் வழி. வீட்டில் இருக்கும் பெரியவருக்கு ஆபத்தான வழி வேறு. அது ராத்திரி இரண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தோடு, கண்ணாடி போடாமல், அவசரமாகக் கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போகும் வழி. ஸ்கிரிப்ட் அந்தக் கட்டிலில் தொடங்கட்டும்.

முதல் காட்சி எழுந்திருப்பது. படுத்த நிலையிலிருந்து சட்டென்று நின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். பிரஷர் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை எடுப்பவர்களுக்கும் நாள்பட்ட சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இது அதிகம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் தரையில் பதித்து, கணுக்காலை மேலும் கீழுமாக ஒரு நிமிடம் அசைத்து, பிறகு எழுந்து, கட்டிலைப் பிடித்தபடி சற்று நின்று, அதன் பிறகே நடக்க வேண்டும். இந்த ஒரு நிமிடத்தை எடிட்டிங்கில் வெட்டிவிடாதீர்கள். வெட்டினால் பார்ப்பவர் பத்து விநாடியில் எழுந்துவிடுவார்.

வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தால் ஒரு சோதனையையும் காட்டலாம். ஐந்து நிமிடம் படுத்த பிறகு ஒரு முறை, எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு முறை அளக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்க வேண்டும். நின்றபோது மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கியிருந்தால், அந்தக் கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும். மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தக்கூடாது என்ற வரி அதே காட்சியிலேயே வந்துவிட வேண்டும்.

கட்டில் உயரத்தையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் படிய வேண்டும், முழங்கால் இடுப்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். பழைய மெத்தை மேல் புது மெத்தை போட்ட வீடுகளில் பெரியவரின் கால் தொங்கும், எழும்போது வழுக்கி இறங்குவார்.

இரவுக் காட்சியைப் பகல் வெளிச்சத்தில் எடுப்பதும் இதைச் சேர்ந்த தவறுதான். ஆள் அசைந்தால் தானே எரியும் சிறு எல்.இ.டி. விளக்கைக் கட்டிலருகே ஒன்று, கழிவறை வாசலில் ஒன்று என்று தரையை ஒட்டிய பிளக்கில் செருகி, மற்ற விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு எடுங்கள். நிலைப்படி தெரிகிறதா இல்லையா என்பது அப்போதுதான் தெரியும்.

"கைப்பிடி பொருத்துங்கள்" என்று சொல்லிவிட்டு நகர்வது

எத்தனை ஸ்கிரிப்ட் பார்த்தாலும் எரிச்சல் தருவது இந்த ஒரு வரி. பாத்ரூமில் கேமரா நுழையும், ஏற்கெனவே மாட்டிய பளபளப்பான கம்பி ஒன்று தெரியும், "குளியலறையில் கைப்பிடி அவசியம்" என்று குரல் வரும், காட்சி முடிந்துவிடும். வீடியோவைப் பார்த்த மகன் அன்று மாலையே ஒரு கம்பியை வாங்கி மாட்டிவிடுவார். அது டவல் கம்பியாக இருக்கும், அல்லது ரப்பர் கப்பை டைலில் ஒட்டும் கைப்பிடியாக இருக்கும். கைப்பிடி இல்லாதவரை அம்மா சுவரைத் தொட்டுப் பார்த்து மெதுவாக எழுவார். கம்பி வந்த பிறகு அதை நம்பி முழு எடையையும் போடுவார். அது பிடுங்கிக்கொண்டு வந்தால் அந்த வேகத்தில் விழுவார். அரைகுறையாகச் சொன்ன ஆலோசனை, சொல்லாமல் விட்டதைவிட அதிகக் கேடு செய்வது இங்கேதான்.

டவல் கம்பி துணியின் எடைக்காகச் செய்தது. ரப்பர் கப் இன்று இறுகப் பிடித்திருக்கும், சோப்பு நீரும் டைல் இடுக்கும் சேர்ந்து நாளைக்குக் காற்றை உள்ளே விட்டுவிடும். எப்போது விடும் என்று பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. இரண்டையும் காட்டி, இவை வேண்டாம் என்று நேரடியாகச் சொல்லுங்கள்.

பிறகு எங்கே மாட்டுவது என்பதைக் காட்ட வேண்டும். அதற்குத் துப்பு அந்தச் சுவரிலேயே இருக்கும். டாய்லெட்டுக்குப் பக்கத்துச் சுவரிலும் கதவு நிலையிலும் எண்ணெய்க் கை பட்டுப் பட்டு மங்கிய ஒரு திட்டு இருக்கும். பெரியவரின் கை தானாகவே பிடிப்பைத் தேடிப்போகும் இடம் அது. கேமராவை அந்தத் திட்டுக்கு அருகில் கொண்டு போங்கள். உதாரணத்துக்கு ஐந்தடி உயரம், முழங்கால் வலி உள்ள ஒரு அம்மா, இடப்பக்கம் சுவர் உள்ள வெஸ்டர்ன் டாய்லெட் என்று வைத்துக்கொண்டால் காட்சி இப்படி வரலாம்:

மகள்: அம்மா, மூடிமேல சும்மா உக்காந்து ஒரு தடவை எந்திரிங்க. கை எங்க போகுதுன்னு பாக்கணும்.
அம்மா: எங்க போகும், இந்தக் குழாயைத்தான் பிடிப்பேன். அது ஆடுதுடி.
மகள்: அதான். அந்தக் குழாயை இனி பிடிக்க வேண்டாம். அங்கயே கம்பி வரப்போகுது.
(மகள் சுவரில் பென்சிலால் கோடு போடுகிறாள்.)

அந்தக் கோடு எங்கே விழ வேண்டும்? உட்காரும் பலகையிலிருந்து சுமார் 10 இன்ச் மேலே, கிடைமட்டமாக. கையை ஊன்றித் தள்ளி எழுவதற்கு அது. டாய்லெட்டின் முன் விளிம்பைத் தாண்டிச் சற்று முன்னால் ஒரு செங்குத்துக் கம்பி, பிடித்து இழுத்து நிற்பதற்கு. இரண்டையும் சேர்த்து எல் வடிவத்தில் கிடைப்பது வசதி. பக்கவாதத்தால் ஒரு கை பலமிழந்திருந்தால் கம்பி பலமுள்ள கையின் பக்கம் வர வேண்டும். கம்பி சுமார் 32 மி.மீ. தடிமன், சுவருக்கும் கம்பிக்கும் ஒன்றரை இன்ச் இடைவெளி. இடைவெளி அதற்கு மேல் போனால் சறுக்கும்போது முன்கை உள்ளே நுழைந்து மாட்டிக்கொள்ளும்.

இனி பெரும்பாலான வீடியோக்கள் தொடவே தொடாத பகுதி, திருகாணி. சுவரில் டைல், அதன் கீழ் ஒட்டிய கலவை, அதன் கீழ் பூச்சு என்று செங்கல்லைத் தொடுவதற்கு முன்பே ஒன்றரை இன்ச் வரை போய்விடும். கம்பியோடு பெட்டியில் வரும் ஒன்றரை இன்ச் திருகாணி அந்த மேல்தோலிலேயே நின்றுவிடும், செங்கல்லைத் தொடாது. மாட்டிய அன்று கெட்டியாகத்தான் இருக்கும். பிறகு மெல்லத் தளர்ந்து, டைலோடு சேர்ந்து பெயர்ந்து வரும். 3 இன்ச் ஸ்டெயின்லெஸ் திருகாணியும் துளைக்குள் செருக அதற்கேற்ற நீளமான பிளாஸ்டிக் பிளக்கும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

துளை போடும்போது விழும் தூளை அருகில் காட்டுங்கள். டைலைத் தாண்டும் வரை டிரில்லில் சுத்தியல் இயக்கம் வேண்டாம், டைல் விரிந்துவிடும். தாண்டிய பிறகு சிவப்புத் தூள் வந்தால் செங்கல், மேலே சொன்ன முறை போதும். வெள்ளையாக, மாவு போல வந்தால் எடை குறைந்த ஏ.ஏ.சி. பிளாக் கல். சாம்பல் தூள் வந்து, திடீரென்று டிரில் உள்ளே வழுக்கிப் போனால் ஹாலோ பிளாக். புதிய அடுக்குமாடி வீடுகளில் இவை இரண்டும் சாதாரணம். இங்கே பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது. துளைக்குள் பசை நிரப்பி இறுகப் பிடிக்கவைக்கும் கெமிக்கல் ஆங்கர் போட வேண்டும், ஹாலோ பிளாக்காக இருந்தால் அதற்குரிய வலைக்குழாயோடு. அல்லது சுவரின் மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து போல்ட் அடிக்க வேண்டும். குழாய்க்கு நேர் மேலும் கீழும் துளை போடாமல் தள்ளிப் போட வேண்டும், உள்ளே பைப் ஓடும்.

கடைசி ஷாட்டில் வீட்டிலேயே எடை அதிகமுள்ள ஆள் அந்தக் கம்பியில் தன் முழு எடையையும் போட்டு, முன்னும் பின்னும் ஆட்டி இழுக்க வேண்டும். கெமிக்கல் ஆங்கர் என்றால் பாக்கெட்டில் போட்ட நேரம் காய்ந்த பிறகு. திருகாணித் தலையில் இம்மியளவு அசைவு தெரிந்தாலும் கழற்றிவிட வேண்டும். அம்மா அதற்குப் பிறகுதான் தொட வேண்டும்.

நீளம் போதாது என்று எதையாவது வெட்ட வேண்டி வந்தால் வேறு அறையை வெட்டுங்கள்.

கதவை மறப்பது

பாத்ரூம் கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால், விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொள்ளும். வெளியே நிற்பவர் தள்ளத் தள்ள அவருக்குத்தான் அடிபடும். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றித் தர ஒரு தச்சருக்குப் பெரிய வேலையில்லை. அதுவரை உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்தும் நாணயத்தால் திருகித் திறக்கும் பூட்டைப் போடலாம்.

மிதியடி

பின்பக்கம் ரப்பர் இல்லாதது எல்லாமே குப்பைக்கு.

சமையலறையில் ஸ்டூலைக் காட்டுவது

"உறுதியான ஸ்டூலைப் பயன்படுத்துங்கள்" என்று எழுதுகிறார்கள். எந்த ஸ்டூலும் வேண்டாம். தினமும் எடுக்கும் சாமான்கள் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தட்டுக்கு வர வேண்டும், பரணில் இருப்பதை இளையவர்கள்தான் எடுக்க வேண்டும். பரணிலிருந்து அரிசி டப்பா கீழ்த்தட்டுக்கு இறங்குவதைக் காட்டினால் போதும், விளக்கம் தேவையில்லை.

படியில் "மெதுவாக இறங்குங்கள்" என்பது

மொசைக், கிரானைட் படிகளில் மேலிருந்து பார்த்தால் ஒரு படி எங்கே முடிகிறது என்றே தெரியாது. ஒவ்வொரு படியின் முன் விளிம்பிலும், முக்கியமாக முதல் படியிலும் கடைசிப் படியிலும், 2 இன்ச் அகலத்தில் தரை நிறத்துக்கு மாறான சொரசொரப்பு டேப் ஒட்ட வேண்டும். கைப்பிடி கடைசிப் படியோடு நின்றுவிடாமல் ஓரடி தாண்டி நீள வேண்டும், ஏனென்றால் படி முடிந்துவிட்டது என்று நினைத்து வைக்கும் அந்த ஓரடிதான் தப்பும். தூரப் பார்வையும் கிட்டப் பார்வையும் சேர்ந்த கண்ணாடியில் கீழ்ப்பாதி படிப்பதற்கானது. அதன் வழியாகக் குனிந்து பார்த்தால் படி மங்கும். மாடிப்படி உள்ள வீட்டில் நடப்பதற்குத் தனிக் கண்ணாடி வேண்டுமா என்று கண் டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

விழுவதை நடித்துக் காட்டுவது

வேண்டவே வேண்டாம்.

விழுந்த பிறகு என்ன என்பதை விட்டுவிடுவது

ஆள் விழுந்ததும் இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவார்கள். இடுப்பெலும்பு முறிந்திருந்தால் அந்தத் தூக்கலில் முறிவு விலகிவிடும். ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்து பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலோ, காலை அசைக்கவே முடியாத வலி இருந்தாலோ அசைக்காமல் போர்வை போர்த்தி, 108-ஐ அழைக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் தலையில் அடிபட்டால், பார்க்க நன்றாக இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வலியில்லை, எழ முடிகிறது என்றால் அவரே ஒருக்களித்து, முட்டி போட்டு, முன்னால் வைத்த நாற்காலியின் இருக்கையைப் பிடித்து, பலமுள்ள காலை முன்னே ஊன்றி எழட்டும். குடும்பத்தார் செய்ய வேண்டியது ஒரு நாற்காலியை அவர் முன்னாலும் இன்னொன்றைப் பின்னாலும் கொண்டு வந்து வைப்பது. பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், மர நாற்காலியை வைத்து எடுங்கள்.