508 என்று அச்சிட்டிருந்தால் மாத்திரையை நிறுத்தலாமா?

மருந்து கேட்காத காசநோய்க்காக பெடாக்விலின், லெவோஃப்ளாக்சசின், க்ளோஃபசிமின் மூன்றும் சாப்பிடும் ஒரு பெண். மூன்றுமே க்யூடியை, அதாவது இசிஜியில் க்யூஆர்எஸ் தொடக்கத்திலிருந்து டி அலையின் முடிவுவரையான நேரத்தை, நீட்டக்கூடியவை. அன்று லேசான காய்ச்சல். இரண்டு நாளாக வாந்தி, அதற்கு ஒண்டான்செட்ரான் ஊசி போட்டிருக்கிறார்கள். அதுவும் க்யூடியை நீட்டும். மாடிப்படி ஏறி வந்தவரை உடனே படுக்கவைத்து இசிஜி எடுக்கிறார்கள். தாளின் மேல் ஓரத்தில் `QT/QTc 380/508 ms` என்று அச்சாகி வருகிறது. முதல் எண் அளந்த க்யூடி, இரண்டாவது துடிப்பின் வேகத்துக்கேற்பத் திருத்திய க்யூடி. 500-ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்து என்பது எல்லோருக்கும் மனப்பாடம். கை பேனாவைத் தேடும்.

அந்தக் கை அவசரப்படக்கூடாது. பெடாக்விலின் உடம்பை விட்டு வெளியேற மாதக்கணக்காகும். இன்று நிறுத்தினால் நாளைக்கு க்யூடி இறங்கிவிடாது. சிகிச்சையில் இருந்து ஒரு நல்ல மருந்து போய்விடும், அவ்வளவுதான். ஆகவே அந்த 508 எப்படி வந்தது என்று முதலில் பார்ப்போம்.

இயந்திரம் சொன்ன 380-ஐ அப்படியே ஏற்பதுதான் முதல் தவறு. பல இயந்திரங்கள் எல்லா லீடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எங்கேயாவது தெரியும் முதல் தொடக்கத்திலிருந்து எங்கேயாவது தெரியும் கடைசி முடிவுவரை அளக்கும். டி அலை தட்டையாக இருந்தாலோ, பின்னால் யு அலை ஒட்டியிருந்தாலோ அது ஏமாந்துபோகும். நம் நோயாளிக்கு வாந்தியால் பொட்டாசியம் குறைந்திருக்க வாய்ப்புண்டு. பொட்டாசியம் குறைந்தால் டி தட்டையாகி யு மேலெழும்பும். ஏமாற எல்லாம் தயாராக இருக்கிறது.

கையால் அளப்பது கஷ்டமில்லை. இரண்டாம் லீடை எடுங்கள், அது தெளிவாக இல்லையென்றால் வி5. யு அலை துருத்தி நிற்கும் வி2, வி3 பக்கம் போகவேண்டாம். க்யூஆர்எஸ் தொடங்கும் இடத்தில் ஒரு கோடு. டி அலையின் இறங்குமுகத்தில் மிகச் செங்குத்தான இடத்தோடு ஸ்கேலை ஒட்டிவைத்துக் கீழே நீட்டுங்கள். அடிக்கோட்டை ஸ்கேல் வெட்டும் இடம்தான் டியின் முடிவு. அதற்கு அப்பால் தனியாக எழும் சின்ன யு கணக்கில் சேராது. தாள் வினாடிக்கு 25 மி.மீ. ஓடினால் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லி வினாடி. 50-இல் ஓடியிருந்தால் 20தான். தாளின் ஓரத்தில் வேகம் எழுதியிருக்கும், அதைப் பார்க்காமல் அளப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று துடிப்பை அளந்து சராசரி எடுங்கள்.

நம் நோயாளியின் தாளில் இப்படி அளந்தாலும் ஒன்பதரைக் கட்டம், அதாவது 380 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் இங்கே பிழை செய்யவில்லை. அப்படியானால் கோளாறு எங்கே? திருத்தத்தில்.

இதயம் வேகமாக அடிக்கும்போது க்யூடி சுருங்கும், மெதுவாக அடிக்கும்போது நீளும். அதை நிமிடத்துக்கு 60 துடிப்பு என்ற ஒரே நிலைக்குக் கொண்டுவந்து ஒப்பிடத்தான் சூத்திரம். 1920இல் பாசெட் ஒன்றும் ஃப்ரிடெரிசியா ஒன்றும் சொன்னார்கள். ஒரே வருடம், வேறு வேறு ஆட்கள். இரண்டு ஆர் அலைகளுக்கு இடையிலான நேரம்தான் ஆர்ஆர். அதற்கு பாசெட் வர்க்கமூலம் எடுத்தார், ஃப்ரிடெரிசியா கனமூலம்.

```
Bazett:     QTc = QT / RR^(1/2)
Fridericia: QTc = QT / RR^(1/3)
```

நம் தாளில் இரண்டு ஆர் அலைகளுக்கு இடையே 14 சின்னக் கட்டம். அது 0.56 வினாடி, துடிப்பு 107. வர்க்கமூலம் 0.748, கனமூலம் 0.824. பாசெட்டில் 508. ஃப்ரிடெரிசியாவில் 461. நோயாளி ஒன்று, தாள் ஒன்று, அளவு ஒன்று. சூத்திரம் மட்டும் மாறியதில் 47 மில்லி வினாடி வித்தியாசம்.

பெரும்பாலான இயந்திரங்கள் அச்சிடுவது பாசெட். துடிப்பு 60-ஐ ஒட்டி இருக்கும்வரை இரண்டும் ஒன்றுதான். 90-ஐத் தாண்டினால் பாசெட் மிகையாகத் திருத்தும், இல்லாத நீட்டத்தைக் காட்டும். பெடாக்விலினைக் கண்காணிக்கும் வழிகாட்டிகள் ஃப்ரிடெரிசியாவைக் கேட்பது இதனால்தான். காய்ச்சலும் ரத்தசோகையும் உள்ள காசநோயாளிக்குத் துடிப்பு எப்போதும் வேகமாகத்தானே இருக்கும்!

மெதுவான துடிப்பில் தவறு மறுபக்கம் திரும்பும், ஆபத்தும் அதிகம். துடிப்பு 48, க்யூடி 500 உள்ள ஒரு பெண்ணுக்கு பாசெட் 447 என்று சமாதானம் சொல்லும். பெண்களுக்கான எல்லை 460. ஃப்ரிடெரிசியா 464 காட்டும். பாசெட்டை மட்டும் நம்பினால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

கணக்கிலும் இரண்டு சில்லறைத் தவறுகள் உண்டு. ஆர்ஆரை வினாடியில் போடவேண்டும். 0.56-க்குப் பதிலாக 560 போட்டால் அபத்தமான எண் வரும், அதனால் பிடிபட்டுவிடும். போன் கால்குலேட்டரில் அடைப்புக்குறியை விடுவதும் அப்படித்தான்.

```
380 / 0.56^(1/3)    → 461
380 / (0.56^1/3)    → 2036
```

பிடிபடாத தவறு ஒன்று இருக்கிறது. க்யூடி ஆர்ஆரில் பாதிக்குள் இருந்தால் சரி என்ற வழக்கம். நம் தாளில் பாதி 280, க்யூடி 380. அந்தக் கணக்குப்படி இந்தப் பெண்ணின் நிலை படுமோசம். வேகமான துடிப்பில் அந்த விதியைத் தூக்கிப் போட்டுவிடலாம். துடிப்பு 60-க்குக் கீழே போனால் அது தவறாக ஆறுதலும் சொல்லும்.

அளவிலேயே எவ்வளவு தள்ளாட்டம் இருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. அரைக்கட்டம் குறைத்து ஒன்பது கட்டம் என்று படித்திருந்தால் க்யூடி 360, ஃப்ரிடெரிசியாவில் 437. அரைக்கட்டத்துக்கு 24 மில்லி வினாடி. போன மாதம் 445, இந்த மாதம் 461 என்றால் மருந்து நீட்டிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு முறையும் அதே லீட், அதே முறை, அதே சூத்திரம் என்றால்தான் ஒப்பிடவே அர்த்தம் உண்டு. போன தடவை ஃப்ரிடெரிசியா, இந்தத் தடவை அச்சிட்ட பாசெட் என்று கேஸ் ஷீட்டில் எழுதிவைத்தால் இல்லாத ஆபத்து முளைக்கும்.

பண்டில் பிளாக் இருந்தால் க்யூஆர்எஸ் அகலமாவதாலேயே க்யூடி நீளும், 508 என்ற எண்ணுக்கு அங்கே அதே பொருள் இல்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் ஒரே துடிப்பை வைத்துத் திருத்தாமல் பத்துத் துடிப்பின் சராசரியாவது எடுக்கவேண்டும். இரண்டுமே தனியாக எழுதவேண்டிய விஷயங்கள்.

நம் நோயாளியிடம் திரும்புவோம். படியேறி வந்தவுடன் எடுத்த இசிஜி அது. துடிப்பு சட்டென்று மாறும், க்யூடி அதைப் பின்தொடர ஓரிரு நிமிடம் எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் எந்தச் சூத்திரமும் சரியாக வராது. பத்து நிமிடம் படுக்கவைத்து மறுபடி எடுத்தால் ஆர்ஆர் 18 கட்டம், துடிப்பு 83, க்யூடி சரியாகப் பத்துக் கட்டம், 400. க்யூடி நீண்டிருக்கிறது, ஆனால் பாசெட் 471-க்கு இறங்கிவிட்டது. ஃப்ரிடெரிசியா 446. பாசெட்டில் 37 குறைந்தது, ஃப்ரிடெரிசியாவில் 15, அதாவது நம் அரைக்கட்டத் தள்ளாட்டத்துக்குள்.

பெடாக்விலின் தொடர்கிறது. ஒண்டான்செட்ரான் நிற்கிறது. ரத்தத்தில் பொட்டாசியமும் மெக்னீசியமும் பார்க்கச் சொல்லி, 3.1 என்று வந்த பொட்டாசியத்தை 4-க்கு மேல் ஏற்றி, இரண்டு நாளில் அதே இரண்டாம் லீடில் மறுபடி இசிஜி. கேஸ் ஷீட்டில் `QTcF 446, HR 83, lead II` என்று எழுதுகிறோம். வெறும் 446 என்று எழுதினால் அடுத்து வருபவர் அதை எதோடு ஒப்பிடுவார்?