கம்பெனி அலமாரியிலிருந்து என் பாஸ்போர்ட் திரும்பி வந்த கதை

மலேசியாவில், தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திற்கு வேலைக்கு வந்த அன்றே என் பாஸ்போர்ட்டை "பாதுகாப்புக்கு" என்று வாங்கிக்கொண்டார்கள். அப்பாவின் உடல்நிலை மோசமானபோது கேட்டேன். மூவாயிரம் ரிங்கிட் முன்பணம் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். பணம் கேட்ட பிறகு அது என்ன பாதுகாப்பு?

பக்கத்து லயத்தில் இருந்த, தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அண்ணன்தான் வழி காட்டினார். மலேசியாவின் 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டம், 12ஆம் பிரிவின்படி, அடுத்தவர் பாஸ்போர்ட்டை உரிய அதிகாரமின்றி வைத்திருப்பது குற்றம். அதைக் குறிப்பிட்டு, பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டு மலாய் மொழியில் கடிதம் இரண்டு பிரதிகள் எழுதினோம். ஒன்றைக் கம்பெனி அலுவலகத்தில் கொடுத்து, மற்றதில் தேதியுடன் அலுவலக முத்திரை வாங்கினேன். அந்த முத்திரைதான் சாட்சி. வாய்மொழியாகக் கேட்டதற்குத் தடயமே இல்லை. ஐந்தாம் நாள், தொழிலாளர் இலாகாவுக்குப் போகிறேன் என்றதும் பாஸ்போர்ட் கைக்கு வந்தது.

ஊர் ஏஜெண்டிடம் கட்டிய கட்டணம் வேறு கதை. இந்தியச் சட்டப்படி சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். என்னிடம் 1,20,000 வாங்கிவிட்டு, 30,000க்கு மட்டும் ரசீது தந்தார். வங்கி வழியாக அனுப்பிய 50,000க்கு ஆதாரம் இருந்ததால், சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் தம்பி புகார் கொடுத்தான். ரசீதுக்கு மேல் போன 20,000 திரும்பியது. கையில் எண்ணிக் கொடுத்த 70,000 இன்னும் வரவில்லை.